சிரமதானத்துக்கு வருபவரிடம் சந்தா கேட்பது எப்படி: நினைவூட்டலைத் திருத்தி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்துக்கு 2023 தொடக்கம் நான் பொருளாளராக இருக்கிறேன். 58 அங்கத்தவர்கள். ஆண்டுச் சந்தா 600 ரூபா. இந்த 58 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சந்தா தவிர வேறும் தருகிறவர்கள். ஒரு ரீச்சர் பின்னேர வகுப்பில் சம்பளம் வாங்காமல் கணிதம் படிப்பிக்கிறார். ஓர் அண்ணை தன் லான்ட்மாஸ்டரில் கல்லும் கிரவலும் ஏற்றித் தருகிறார். பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள்.

பொறுப்பெடுத்த முதல் வருடம், முன்பு இருந்தவர்கள் பாவித்த சந்தா நினைவூட்டலை அப்படியே எடுத்துத் திகதியை மட்டும் மாற்றி வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே, கட்டாத 35 பேரின் பெயர்ப்பட்டியல். அதில் நான்கு பேர் ஏற்கெனவே கட்டியிருந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் லான்ட்மாஸ்டர் அண்ணை. அவர் குழுவில் ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த சிரமதானத்துக்கு லான்ட்மாஸ்டர் வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை எப்படித் திருத்தி எழுதினேன், ஏன் அப்படி எழுதினேன் என்பதைத்தான் இங்கே முழுமையாகச் சொல்கிறேன். உங்கள் சங்கம் மாதர் சங்கமாக இருக்கலாம், கமக்காரர் அமைப்பாக இருக்கலாம். சந்தா கட்டுபவரே வேலையும் செய்பவர் என்றால் இது பொருந்தும்.

முதலில் கொப்பி, பிறகுதான் கடிதம்

கடிதம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், கட்டினவருக்குப் போனால் அது அவமானம். ஆகவே எழுத உட்காருவதற்கு முன் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்: சந்தாக் கொப்பி, பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், வங்கிப் புத்தகம். அடிக்கட்டை ஒவ்வொன்றையும் கொப்பியில் தேடிப் பாருங்கள். அதன் பிறகு வங்கிப் புத்தகத்தில் 600, 1,200 என்று வந்த வரவுகளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள்: இது யாருடையது?

எங்கள் நான்கு பிழைகளும் இரண்டு இடத்தில்தான் நடந்திருந்தன. இரண்டு பேர் செயலாளரிடம் கோயிலடியில் காசு கொடுத்திருந்தார்கள். அவர் பற்றுச்சீட்டும் கிழித்துக் கொடுத்திருந்தார், ஆனால் அது என் கொப்பிக்கு வந்து சேரவில்லை. மற்ற இருவர் வங்கியின் காசு வைப்பு இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். இயந்திரத்தில் போட்டால் பெரும்பாலும் தொகையும் திகதியும்தான் நம் பக்கத்தில் விழும், பெயர் விழாது. அவர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "கட்டியாச்சு" என்று நிம்மதியாக இருப்பார். நாம் அவரைக் கட்டாதவர் பக்கத்தில் வைத்திருப்போம்.

உரிமையாளர் தெரியாத வரவு ஒன்று இருந்தாலும் நினைவூட்டலை நிறுத்திவைத்து, குழுவில் இப்படி ஒரு சின்னச் செய்தி போடுங்கள்:

> ஜனவரி 18ஆம் திகதி நிலையக் கணக்குக்கு 600 ரூபா வந்திருக்கிறது. போட்டவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினால் பற்றுச்சீட்டு எழுதிவிடுவேன். நன்றி.

இது யாரையும் குற்றம் சொல்லாது. இன்னொரு பலனும் உண்டு. பொருளாளர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியவரும். என் அனுபவத்தில் இந்தச் செய்தியைப் பார்த்தே இரண்டு மூன்று பேர் தங்கள் சந்தாவைக் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள்.

பழைய கடிதத்தைச் சத்தமாக வாசியுங்கள்

நான் அன்று அனுப்பியது இதுதான்:

> கௌரவ அங்கத்தவர்களுக்கு,
> 2023ஆம் ஆண்டிற்கான அங்கத்துவச் சந்தாப் பணத்தை இதுவரை செலுத்தாத அங்கத்தவர்கள் அனைவரும் எதிர்வரும் 31ஆம் திகதிக்கு முன்னர் தவறாது செலுத்துமாறு கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள். செலுத்தத் தவறும் அங்கத்தவர்கள் யாப்பின் பிரகாரம் அங்கத்துவ உரிமைகளை இழக்க நேரிடும் என்பதை அறியத்தருகின்றேன். நிலையத்தின் நன்மை கருதி அனைவரும் ஒத்துழைப்பு வழங்கவும்.
> பொருளாளர்

எழுதும்போது எனக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அலுவலகக் கடிதங்களை வாசித்து வளர்ந்த கண்ணுக்கு இது ஒழுங்கான தமிழ். ஆனால் லான்ட்மாஸ்டர் அண்ணையை முன்னால் இருத்தி இதைச் சத்தமாக வாசிப்பதாக நினைத்துப் பாருங்கள். இரண்டாவது வரியைத் தாண்ட வாய் வராது. எங்கே வாய் தடுக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். நான் போட்ட கோடுகள் ஐந்து.

முதல் கோடு "செலுத்தாத அங்கத்தவர்கள்". தமிழில் இந்த "-ாத" ஒரு பட்டம்போல ஆளில் ஒட்டிக்கொள்ளும். படிக்காத பிள்ளை, உழைக்காத மனிசன், செலுத்தாத அங்கத்தவர். குறை காசில் இருக்கிறது, ஆனால் சொல் ஆளில் விழுகிறது. திருத்தம் எளிது. ஆளை விட்டுவிட்டுக் காசை எழுவாயாக்குங்கள்: "2024 சந்தா இன்னும் என் கையில் வந்து சேரவில்லை." அதே செய்திதான். ஆனால் வாசிப்பவர் மேல் எந்தப் பட்டமும் இல்லை. பிழை என் கொப்பியிலும் இருக்கலாம் என்பதற்கும் அந்த வசனம் இடம் வைக்கிறது.

இரண்டாவது, "தவறாது", "தவறும்". இரண்டு சொல்லுக்குள்ளும் தவறு என்ற சொல் இருக்கிறது. கண் அதைத் தாண்டிப்போனாலும் மனம் பிடித்துவிடும். "கண்டிப்பாக" என்பதிலும் கண்டிப்பு உண்டு. மூன்றையும் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் எதையும் வைக்க வேண்டாம், திகதி போதும்.

மூன்றாவது, "கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்". யார் கேட்கிறார்? அந்த வசனத்தில் யாரும் இல்லை. ஊரில் தினமும் சைக்கிளில் எதிர்ப்படுகிற நான், ஒரு கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. "கேட்கிறேன்" என்று எழுதுங்கள். அதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும், ஏனென்றால் இப்போது கேட்பது நான். ஆனால் அந்தத் துணிவுதான் கடிதத்தை மனிதர் எழுதியதாக்குகிறது.

நான்காவது, யாப்பு மிரட்டல். கோடு போட்ட பிறகுதான் எங்கள் யாப்பை எடுத்து வாசித்தேன். ஒரு முழு ஆண்டுச் சந்தா நிலுவையில் இருந்தால் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாது என்று மட்டும்தான் அதில் இருந்தது. "அங்கத்துவ உரிமைகளை இழக்க நேரிடும்" என்று நான் எழுதியது உண்மையும் இல்லை. உங்கள் யாப்பில் எப்படி இருக்கிறது என்று எழுதுவதற்கு முன் பாருங்கள். இருப்பதைச் சொல்ல வேண்டிய இடம் முதல் நினைவூட்டல் அல்ல. பொதுக்கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, வாக்குரிமை பற்றிய அறிவித்தலில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாம். அப்போது அது தகவல், மார்ச் மாதத்தில் அது அடி.

ஐந்தாவது கோடுதான் எனக்கு மிகவும் சுட்டது. "ஒத்துழைப்பு வழங்கவும்." சனிக்கிழமை காலையில் தன் டீசலில் கல் ஏற்றி வந்தவரிடம் ஒத்துழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கோடு போடும்போது இல்லாதவற்றையும் தேடுங்கள். இந்தக் கடிதத்தில் 600 ரூபா என்ற எண் எங்கும் இல்லை. யாரிடம் கொடுப்பது, எந்தக் கணக்கு, ஒன்றும் இல்லை. கடுமை நிறைய இருந்தது, கட்டுவதற்கு வேண்டிய தகவல் ஒன்றும் இருக்கவில்லை. பலர் கட்டாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. ஓர் அக்கா, "எவ்வளவு எண்டு கேக்க வெக்கமாக் கிடந்தது" என்றா.

நாமா, நாங்களா?

பேச்சில் நாம் எல்லாவற்றுக்கும் "நாங்கள்" என்போம், யாரும் தவறாக எடுப்பதில்லை. எழுத்தில் அப்படியில்லை. "எங்கள் நிலையத்துக்குச் சந்தா தாருங்கள்" என்று எழுதினால் நிலையம் நிர்வாகத்தினுடையது, வாசிப்பவர் வெளியே நிற்கிறார். "நம் நிலையம்" என்றால் அவர் உள்ளே. தொண்டு செய்கிறவருக்கு இந்த வேறுபாடு உடனே படும், ஏனென்றால் அந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர் அவர். நிர்வாகக் குழு எடுத்த முடிவைச் சொல்லும்போது மட்டும் "நாங்கள்" வரட்டும், மற்ற எல்லா இடத்திலும் "நாம்".

சின்ன ஒட்டுச்சொற்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். "600 ரூபாதானே" என்று எழுத வேண்டாம். ஒரு வீட்டுக்கு அது சின்னக் காசா பெரிய காசா என்பது நமக்குத் தெரியாது. "நீங்கள் மட்டும்" என்பதும் "நீங்களே இப்படி" என்பதும் அதே வகை. மறுபக்கம், "குறை நினைக்காதேங்கோ", "கேட்பதற்கு மன்னிக்கவும்" என்று குழைவதும் வேண்டாம். பொதுக்கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்தித் தீர்மானித்த சந்தா அது. மன்னிப்புக் கேட்டால் நான் எனக்காகக் கையேந்துவதுபோல் ஆகிவிடும், கட்டினவருக்கும் அது மரியாதை இல்லை.

நன்றியை எங்கே வைப்பது

தொண்டர்களுக்கு எழுதும்போது எல்லோரும் செய்கிற வேலை, முதல் வரியில் நன்றி சொல்லி இரண்டாவது வரியில் "ஆனாலும்" போடுவது. "உங்கள் சேவையை மிகவும் மதிக்கிறோம். ஆனாலும் சந்தா இன்னும்..." அந்த "ஆனாலும்" வந்தவுடன் முன்னால் சொன்ன நன்றி தூண்டில் புழுவாகிவிடும். அடுத்த முறை உண்மையாக நன்றி சொல்லும்போதும், "இப்ப என்ன கேக்கப்போறா?" என்று காத்திருப்பார்கள்.

நான் இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். நன்றியைத் தனிச் செய்தியாக, சிரமதானம் நடந்த அன்று பின்னேரமே அனுப்புவது நல்லது. அதில் சந்தா பற்றி ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. சந்தாச் செய்திக்கு அதிலிருந்து குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். ஒரே கடிதத்தில் வைத்தே ஆகவேண்டும் என்றால், நன்றி கடைசியில் வரட்டும். "சேவை" என்ற பொதுச்சொல்லாக இல்லாமல், அவர் செய்த ஒரு வேலையின் பெயரோடு வரட்டும்: "மாசியில் நீங்கள் ஏற்றித் தந்த கிரவலால்தான் இந்த மாரியில் வாசலில் வெள்ளம் நிற்கவில்லை." கடைசியில் வருகிற நன்றிக்குப் பின்னால் எந்தக் கேள்வியும் இல்லை. அதனால் அதை நம்பலாம்.

உழைப்பையும் சந்தாவையும் தராசில் வைக்கவும் வேண்டாம். "நீங்கள் வேலை செய்கிறீர்கள், அதனால் சந்தா பெரிதில்லை" என்று இரக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், அதைப் பொருளாளர் கொடுத்த விலக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். சந்தாவைக் குறைக்கவோ விடவோ நிர்வாகக் குழுவால்தான் முடியும், அதுவும் கூட்டக் குறிப்பில் எழுதி.

எப்போது அனுப்புவது

வன்னியில் இதை நெல்லைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காலபோகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கிறார்கள். கையில் இருந்த காசு விதைநெல்லுக்கும் உழவுக்கும் பசளைக்கும் போய்விடும். மார்கழியில் வீட்டில் காசு இராது. தை பிற்பகுதி தொடக்கம் பங்குனிவரை அறுவடை. நெல் விற்ற காசு வந்து, கடனைத் திருப்பின பிறகு ஒரு சின்ன இடைவெளி இருக்கும். நான் நினைவூட்டலை மார்ச் முதல் வாரத்தில் அனுப்பி, 31ஆம் திகதியைத் தவணையாக வைக்கிறேன். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கும்போது மறுபடியும் செலவு தொடங்கிவிடும், அதற்கு முன் முடிந்துவிட வேண்டும். அரச சம்பளக்காரருக்கும் மார்ச் 31 வசதி, மாதச் சம்பளம் எடுத்த கையோடு கட்டலாம். உங்கள் ஊர் கடற்கரை என்றால் மீன்பிடிக் காலத்தைப் பார்த்து இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

திருத்திய கடிதம்

குழுவுக்கு ஒன்று, தனியாக ஒன்று என்று இரண்டு எழுத வேண்டும். குழுவுக்குப் போவது எல்லோருக்கும், கட்டினவருக்கும் சேர்த்து. அதில் பெயர் இல்லை. கட்டினவர்களின் பெயர்ப்பட்டியலும் வேண்டாம். 58 அங்கத்தவர்கள் உள்ள நிலையத்தில் 29 பெயரைப் போட்டால் மற்ற 29 பேர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

> வணக்கம்.
> நம் நிலையத்தின் 2024 சந்தா 600 ரூபா. மார்ச் 31க்குள் சேர்ந்துவிட்டால் ஏப்ரல் கணக்கறிக்கையை முடித்துவிடலாம்.
> என்னிடமோ செயலாளரிடமோ கையில் தரலாம், உடனே பற்றுச்சீட்டு கிடைக்கும். வங்கியில் போடுபவர்கள் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பெயர் இல்லாமல் வந்தால் யாருடையது என்று தெரியாது.
> பெப்ரவரி மின்பில் 1,180 ரூபா. இரண்டு பேரின் சந்தா ஒரு மாதம் வகுப்புக்கு வெளிச்சம் தருகிறது.
> ஏற்கெனவே தந்தவர்களுக்கு நன்றி. ஒரே தடவையில் கட்ட வசதி இல்லை என்றால் என்னோடு தனியாகக் கதையுங்கள், அது என்னோடு இருக்கும்.
> பொருளாளர்

தொகை முதல் வசனத்திலேயே வந்துவிடுகிறது, கேட்க வெட்கப்பட்ட அக்காவுக்காக. திகதிக்கு ஒரு காரணம் இருக்கிறது, காரணத்தோடு வரும் திகதி மிரட்டலாகத் தெரியாது. மின்பில் எண் உண்மையானதாக இருக்க வேண்டும், பில்லைப் பார்த்து எழுதுங்கள். "அபிவிருத்திப் பணிகளுக்கு" என்று பொதுவாக எழுதுவதைவிட ஒரு பில் நம்பிக்கை தரும். வசதியில்லாதவருக்கான வரியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்ட வேண்டாம். எங்கள் ஊரில் தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகும் பெண்கள் பலர். அந்த வரி இல்லாவிட்டால் அவர்கள் குழுவை விட்டு மெல்ல விலகிப்போவார்கள். ஏன் என்று நமக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். "அது என்னோடு இருக்கும்" என்று எழுதினால் அப்படியே இருக்கவும் வேண்டும். தவணைக்கு நிர்வாகக் குழுவின் அனுமதியைப் பெயர் சொல்லாமலே முன்கூட்டி எடுத்து வைத்திருங்கள். நாங்கள் "யார் கேட்டாலும் மூன்று தவணை வரை பொருளாளர் கொடுக்கலாம்" என்று ஒரே வரியில் தீர்மானம் எழுதிவிட்டோம்.

பத்து நாள் பொறுத்து, இன்னும் வராதவர்களுக்குத் தனிச்செய்தி. இங்கே பேச்சுத் தமிழ் வரலாம், வரத்தான் வேண்டும். ஊரில் அண்ணை என்று கூப்பிடுகிறவரைக் கடிதத்தில் "திரு" போட்டால் அவர் பயந்துபோவார்.

> அண்ணை, வணக்கம். 2024 சந்தா 600 ரூபா உங்கட பக்கத்தில கொப்பியில இன்னும் விழேல்ல. கட்டியிருந்தா சீட்டு நம்பரைச் சொல்லுங்கோ, நான் திருத்திறன். இல்லையெண்டா 31க்கு முதல் வசதியான நேரம் தாங்கோ, சந்திப் பக்கம் வரேக்க நானே வந்து வாங்கலாம்.

பிழை என் பக்கமும் இருக்கலாம் என்பது முதலிலேயே வருகிறது. "நானே வந்து வாங்கலாம்" என்பது தொண்டருக்கு ஒரு நடையை மிச்சம் பிடிக்கிறது. ஆனால் சொன்னால் போக வேண்டும். செய்தியைப் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு அனுப்புங்கள். காலையில் வயலுக்குப் போகும் அவசரத்தில் பார்த்தால் மறந்துவிடும், பதில் போடாததற்காகப் பிறகு அவருக்கே சங்கடம்.

வயதானவர்களுக்கு எழுத்து வேண்டாம். அவர்கள் செய்தியைப் பேரப்பிள்ளைதான் வாசித்துச் சொல்லும், காசு நிலுவை என்ற கதை வீட்டில் எல்லோர் காதிலும் விழும். ஐயா, அம்மா என்று கூப்பிடுகிறவர்களிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை.

இரண்டு வருட நிலுவை உள்ள ஒரு நல்ல தொண்டர்

இதுதான் கடினமான இடம். ஒவ்வொரு சிரமதானத்துக்கும் வருகிற ஒரு தம்பிக்கு 2023, 2024 இரண்டும் நிலுவை. முதலில் "மொத்த நிலுவை 1,200 ரூபா" என்று எழுதிவிட்டு அழித்தேன். மொத்தமாகச் சொன்னால் அது கடன்காரனுக்கு வரும் கடிதம். பெரிய எண்ணைப் பார்த்தவர் ஒன்றும் கட்டாமல் தள்ளிப்போடுவார். பிரித்து, புதியதை முதலில் வைத்து எழுதினேன்:

> தம்பி, இந்த வருசச் சந்தா 600ஐ முதல்ல முடிப்பம். 2023உம் கொப்பியில திறந்தபடி இருக்கு, அதை மூண்டு தரமா 200, 200 எண்டு தரலாம், நிர்வாகம் ஓம் எண்டிருக்கு. எது வசதி எண்டு சொல்லும்.

பழையதை மறைக்கவில்லை. மறைத்தால் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கப் போகும்போதுதான் அவனுக்குத் தெரியவரும், அது இதைவிடப் பெரிய அவமானம். ஆனால் இந்த வருடத்தை முதலில் முடிப்பதால் அவன் மறுபடி நடப்பு அங்கத்தவன் ஆகிறான். எங்கள் யாப்புக்கு இது பொருந்துகிறது. சில யாப்புகளில் கட்டும் காசு பழைய நிலுவைக்கே முதலில் போகும் என்று இருக்கலாம், பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள்.

அவன் கேட்டான்: "நான் ஒவ்வொரு முறையும் வேலைக்கு வாறன்தானே அக்கா, பிறகேன் சந்தா?" இந்தக் கேள்விக்குப் பொருளாளரிடம் ஒரு நேரான பதில் இருக்க வேண்டும். நான் சொன்னது: "உன்ர வேலையால வேலி நிண்டது. மின்பில்லுக்கு வேலை குடுக்கேலாது, காசுதான் குடுக்க வேணும். வேலைக்கு வாறவைக்குச் சந்தா குறைக்க வேணும் எண்டு நினைச்சா பொதுக்கூட்டத்தில நீ தீர்மானமாக் கொண்டு வா, நான் கணக்குக் காட்டுறன்." எழுத்தில் இந்த வாதத்தைத் தொடங்க வேண்டாம். வட்ஸ்அப்பில் அது மூன்றாவது செய்தியில் சண்டையாகிவிடும். "நேரில கதைப்பம்" என்று மட்டும் எழுதி நேரில் சொல்லுங்கள்.

பதில் வராதபோது

இரண்டாவது தனிச்செய்தி ஏப்ரல் முதல் வாரத்தில், முதலாவதைவிடக் குறுகியதாக: "அண்ணை, சந்தாக் கதைதான். கணக்கறிக்கை 20ஆம் திகதி முடிக்கிறன், அதுக்கு முதல் ஏலுமெண்டா சொல்லுங்கோ, இல்லாட்டி தவணை போடுவம்." தொனி ஏறக்கூடாது. இரண்டாவது செய்தியில் எல்லோருக்கும் கொஞ்சம் கோபம் வரும். எழுதி ஒரு மணி நேரம் வைத்து, "இன்னும்", "ஏற்கெனவே சொன்னேன்", "திரும்பவும்" என்ற சொற்களைத் தேடி எடுத்துவிட்டு அனுப்புங்கள். மூன்றாவது செய்தி எழுத வேண்டாம். போன் எடுங்கள், அல்லது போங்கள். இரண்டு செய்திக்குப் பதில் தராதவரிடம் காசு தவிர வேறு ஏதோ இருக்கும். நான் போன வீடுகளில் ஒன்றில் நோய், இன்னொன்றில் பழைய நிர்வாகத்தோடு இருந்த மனஸ்தாபம். இரண்டையும் எந்தக் கடிதமும் எனக்குச் சொல்லியிருக்காது.

நினைவூட்டல் பிழைத்துப்போனதைக் காசைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடுமையான கடிதத்துக்கும் காசு வரும், 2023இல் எனக்கும் வந்தது. சிரமதானத்துக்கு வருகிற தலைகளை எண்ணுங்கள். கட்டின கையோடு குழுவிலிருந்து விலகுகிறவரைக் கவனியுங்கள். முன்பு உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துப்போனவர், சந்தாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் அதையும் கவனியுங்கள்.

காசு வந்த பிறகு

பற்றுச்சீட்டை அன்றே எழுதி, கொப்பியில் சீட்டு இலக்கத்தோடு பதிந்து, ஒரு வரி அனுப்புங்கள்: "600 கிடைச்சது அண்ணை, சீட்டு இல. 47. நன்றி." அடுத்த வருடம் கொப்பி சரிபார்க்கும்போது இந்த ஒரு வரி இருவருக்கும் சாட்சி.

உங்கள் பட்டியல் பிழைத்திருந்தால், எங்கே பிழைத்ததோ அங்கேயே திருத்துங்கள். குழுவில் பெயர் போட்டுவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டால் குழுவில் அந்தப் பெயர் அப்படியே கிடக்கும். நான் குழுவில் எழுதியது: "மார்ச் மாதம் நான் போட்ட பட்டியலில் நான்கு பேரின் பெயர் என் பிழையால் வந்தது. அவர்கள் நால்வரும் ஜனவரியிலேயே கட்டியிருந்தார்கள். இனிப் பெயர்ப்பட்டியல் குழுவில் வராது." பெயர்களை மறுபடி போடவில்லை. யார் யார் என்று ஊருக்குத் தெரியும். அதன் பிறகு கொப்பியையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு நால்வர் வீட்டுக்கும் போனேன். லான்ட்மாஸ்டர் அண்ணை கொப்பியைப் பார்க்கவில்லை. பற்றுச்சீட்டை மட்டும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை எத்தனை லோட் கிரவல் வேணும் என்று கேட்டார்.